மண்டபம் தங்கச்சிக்கு: நடுவில் விழுந்த எட்டு கோல்கள்

தங்கச்சி, நீ கேட்ட கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டுதான் டாரோ கார்டு எடுத்தேன். "ரெண்டு வருஷமா 'ம்'னு மட்டும் பதில் போட்ட பாம்பன் பையன், போன வாரத்திலிருந்து காலையிலிருந்து ராத்திரி வரை மெசேஜ் போடுறான், வாய்ஸ் அனுப்புறான், என் பழைய போட்டோவுக்கெல்லாம் லைக் போடுறான். ஏன்?" ஐந்து கார்டு வைத்தேன்: அவன் மௌனம், இப்போது தூண்டியது, இந்த வேகம், நீ, அடுத்து வருவது.

நடுவில் எட்டு வாண்ட்ஸ், நேராக. பார்த்ததும் சிரித்துவிட்டேன். உன் கேள்வியையே படமாக வரைந்த மாதிரி இருந்தது.

1909-ல் வந்த ரைடர் வெயிட் டாரோ சீட்டுக்கட்டில் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த படம் இது. வெறும் வானம், குறுக்கே பறந்து வரும் எட்டு கோல்கள், கீழே பச்சை நிலமும் ஆறும். கோல்களில் தளிர் விட்டிருக்கிறது, அதனால் இது செத்த விறகு இல்லை, உயிருள்ள ஆர்வம்தான். கோல்டன் டான் என்ற பழைய ரகசியச் சங்கத்தின் மரபில் இந்தக் கார்டுக்கு தனுசில் புதன். புதன் என்றால் செய்தி, பேச்சு; தனுசு என்றால் வில். இந்தச் சீட்டுக்கட்டை உருவாக்கிய வெயிட் தந்த அர்த்தங்களில் 'காதல் அம்புகள்' என்றும் ஒன்று உண்டு. தலைகீழாக விழுந்திருந்தால் அதுவே பொறாமை அம்பு. உனக்கு நேராகத்தான் விழுந்திருக்கிறது, அந்தக் கவலை வேண்டாம்.

ஆனால் படத்தை இன்னொரு தரம் பார். அதில் ஆள் யாருமே இல்லை. எறிந்தவன் கையும் இல்லை, வாங்குபவள் முகமும் இல்லை. அவன் உன்னை நினைக்கிறான், அது நிஜம். எதற்காக நினைக்கிறான் என்பதை இந்தக் கார்டு சொல்லாது. அதற்குப் பக்கத்துக் கார்டுகளைத்தான் கேட்க வேண்டும்.

மௌனத்தின் இடத்தில் நாலு வாள்: கல்லறை மேல் கைகூப்பிப் படுத்திருக்கும் வீரன். இது உன்னை வெறுத்த மௌனம் இல்லை. களைத்துப்போய் ஒதுங்கிக் கிடந்த மௌனம். காரணம் அவன் பக்கம் இருந்தது, உன் பக்கம் தேடாதே. தூண்டியது ஆறு கோப்பை: பூ நிரம்பிய கோப்பையைச் சின்னவளிடம் நீட்டும் பையன். பழைய ஞாபகம்தான். காலேஜ் குரூப்பில் யாரோ பழைய படம் போட்டார்கள் என்று நீயே சொன்னாய் இல்லையா, அதை இங்கே வைத்துப் பார்.

இன்னொன்று, இது கார்டு சொன்னதல்ல, நம் ஊர் சொல்வது. அவன் விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், படகு கரையில். இப்போது மே மாதம். வலை சரிபார்த்து முடித்தால் சாயங்காலம் கையில் போனும் நேரமும்தான். தப்பாகச் சொல்லவில்லை, ஓய்வு கிடைத்ததும் மனதில் முதலில் வருபவள் நீயாக இருக்கலாம். வேலை இல்லாததால் வந்த பேச்சாகவும் இருக்கலாம். ரெண்டுக்கும் மெசேஜ் ஒரே மாதிரிதான் இருக்கும்.

உன் இடத்தில் ரெண்டு வாள்: கண்ணைக் கட்டிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் பெண். நீ பதிலும் போடுகிறாய், பயந்தும் போகிறாய், முடிவெடுக்காமல் நடுவில் நிற்கிறாய். சரி, நில். அதில் அவசரமில்லை. அவன் வேகத்துக்கு நீ ஓட வேண்டும் என்று எந்தக் கார்டும் கேட்கவில்லை.

கடைசியில் பென்டகிள்ஸ் குதிரைவீரன். நாலு குதிரைவீரர்களில் இவன் குதிரை மட்டும்தான் அசையாமல் நிற்கும். எனக்குப் பிடித்த இடம் இதுதான். வேகம் அடங்கும், அது உறுதி. அடங்கிய பிறகு ஒரு நாளைக்கு ஒரு மெசேஜ் வந்தாலும், சொன்ன நேரத்தில் வந்தால் அதை நம்பு. மெசேஜ் குறைந்ததை மட்டும் வைத்து, விட்டுப் போய்விட்டான் என்று அழாதே. அடியோடு நின்றுபோனால், இது ஆறு கோப்பையோடு முடிந்த கதை என்று எடுத்துக்கொள்.

அதனால் அவனிடம் ஒரே கேள்வி கேள்: "இத்தனை நாள் ஏன் பேசலை?" சண்டையாக வேண்டாம், சாதாரணமாகக் கேள். நாலு வாள் ஆள் உண்மையில் மனம் திறந்தால் தடுமாறித்தான் சொல்வான். பதில் பளபளப்பாக வந்தால் கொஞ்சம் தள்ளி நில். பணம் கேட்டாலோ, ராத்திரியில் போட்டோ கேட்டாலோ, கார்டெல்லாம் ஓரம், அந்த நிமிஷமே பேச்சை நிறுத்திவிடு.

ஜூன் 15-க்கு அப்புறம் படகு கடலுக்குப் போய் ரெண்டு வாரம் ஓடட்டும். அதுவரை வீட்டில் சொல்வதோ, ராமேஸ்வரத்தில் நேரில் பார்ப்போம் என்று அவன் கேட்டால் சரி என்பதோ வேண்டாம். ஜூலை முதல் வாரம் எனக்குச் சொல், அப்போது ஒரே ஒரு கார்டு எடுத்துப் பார்ப்போம். அதற்கு நடுவில் தினமும் கார்டு கேட்டு வராதே, எடுக்க மாட்டேன்.