சுய மதிப்பீட்டு விவரணம்: கணிதம், தரம் 8 மற்றும் 9, 2024

பதவி: இலங்கை ஆசிரியர் சேவை, கணித ஆசிரியை
இடம்: கரைச்சி, கிளிநொச்சி மாவட்டம்
சமர்ப்பிப்பது: அதிபர் மற்றும் மதிப்பீட்டுக் குழுவினருக்கு

இந்த ஆண்டு என் கற்பித்தலில் முன்னேற்றம் என்று நான் முன்வைப்பது முக்கியமாக ஒன்றைத்தான். பிள்ளை பிழையான விடை தரும்போது, அந்த விடைக்கு அது வந்த வழியைக் கேட்டறிந்து, அங்கிருந்தே பாடத்தைக் கொண்டுபோகிறேன். இதற்கான சான்றுகள் இணைப்பில் உள்ளன. மாணவர் பெயர்களை மறைத்து, எழுத்துக் குறியீடு இட்டிருக்கிறேன்.

தரம் 8 மாணவருக்கு ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு சிறு ரெஸ்ற் வைத்தேன். பகுதியெண் வேறுபட்ட பின்னங்களைக் கூட்டுவது முந்தைய தரங்களிலேயே முடிந்த பாடம். ஆனாலும் 31 பேரில் 17 பேர் 1/3 + 1/4 = 2/7 என்று எழுதியிருந்தார்கள் (இணைப்பு 1, விடைத்தாள் பிரதிகள்). எல்லோரும் ஒரே விடையை எழுதியிருந்ததால் இது கவனக்குறைவால் வந்ததல்ல, அவர்கள் ஒரு விதியைப் பின்பற்றுகிறார்கள் என்று தெரிந்தது. மாணவர் 'அ'விடம் எப்படிச் செய்தாய் என்று கேட்டேன். "மேல இருக்கிறதை மேலயும் கீழ இருக்கிறதைக் கீழயும் கூட்டினனான், ரீச்சர்" என்றார். பொது மடங்கு எடுக்கும் முறையை உடனே மறுபடி எழுதிக் காட்டியிருந்தால் பார்த்து எழுதியிருப்பார்கள், ஆனால் அந்த விதி மனதில் அப்படியே இருந்திருக்கும்.

அதனால் கரும்பலகையில் வேறொரு கேள்வியை எழுதினேன்: 1/3 பெரிதா, 2/7 பெரிதா? பன்னிரண்டு கட்டமும் இருபத்தொரு கட்டமும் உள்ள கடதாசிப் பட்டிகளை வகுப்புக்குக் கொடுத்தேன். 21 கட்டப் பட்டியில் 1/3 என்பது 7 கட்டம், 2/7 என்பது 6 கட்டம். நிறம் தீட்டிக்கொண்டிருந்த மாணவி 'ஆ'தான் முதலில் சொன்னார்: "கூட்டினாப் பிறகு குறைஞ்செல்லோ போச்சு!" பிறகு வகுப்பே அதைப் பற்றிக்கொண்டது. வயலோடு வயலைச் சேர்த்தால் வயல் எப்படிக் குறையும் என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். 12 கட்டப் பட்டியில் 4 கட்டத்தையும் 3 கட்டத்தையும் சேர்த்து 7/12 என்று அவர்களே கண்டார்கள். அந்தப் பாடவேளையின் 40 நிமிடமும் இந்த ஒரே கணக்குக்குப் போனது. பாடத்திட்டம் பின்தங்குமே என்ற கேள்வி பாடக்குறிப்பைப் பார்ப்பவருக்கு எழலாம். பின்னங்களின் பெருக்கல், வகுத்தல் பாடங்களில் அந்த நேரம் திரும்பக் கிடைத்தது. விடை பெரிதாகுமா, சிறிதாகுமா என்று முதலில் சொல்லிவிட்டுச் செய்யும் பழக்கம் அப்போதே பலருக்கு வந்திருந்தது (இணைப்பு 2, நான்கு மாணவரின் கொப்பிப் பக்கங்கள், தேதியுடன்).

மூன்றாம் தவணையில், முன்னறிவிப்பு இல்லாமல் 2/5 + 1/3 கொடுத்தேன். 3/8 என்று எழுதியவர்கள் 4 பேர். வேறு 5 பேர் பொதுப் பகுதியெண்ணைச் சரியாக எடுத்து, தொகுதியெண்ணைப் பெருக்கத் தவறியிருந்தார்கள். இந்த இரண்டு பிழைகளும் ஒன்றல்ல. இரண்டாவது கூட்டத்துக்குப் பயிற்சி போதும். முதல் நால்வரோடு மறுபடி பட்டியிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

தரம் 9இல் நேர் விகிதசமன் கற்பித்தபோது, பாடநூல் பயிற்சிகளுக்குப் பிறகு, வீட்டில் நடக்கும் வேலையிலிருந்து ஆளுக்கொரு கணக்கு அமைத்து வரச் சொன்னேன். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலானோர் இரணைமடுக் குளத்து நீரில் செய்யும் வயலை நம்பிய வீட்டுப் பிள்ளைகள். ஏக்கருக்கு 2 புசல் விதைநெல் என்றால் மூன்றரை ஏக்கருக்கு எவ்வளவு, லாண்ட்மாஸ்டர் ஒரு மணித்தியாலத்துக்கு எவ்வளவு டீசல் குடிக்கும் என்று கணக்குகள் வந்தன (இணைப்பு 3). இதில் நான் பெரிதாக மதிப்பது மாணவர் 'இ' செய்ததை. இன்னொருவர், யூரியாவை இரட்டித்தால் நெல்லும் இரட்டிக்கும் என்று கணக்கு அமைத்திருந்தார். 'இ' எழுந்து, "அப்பிடி வராது ரீச்சர், கனக்கப் போட்டால் பயிர் சாய்ஞ்சிடும்" என்றார். எது நேர் விகிதசமன், எது அப்படித் தோன்றும் ஆனால் அல்ல என்று பிரித்தறிவதுதான் இந்தத் தேர்ச்சியின் உயிர். அடுத்த பாடவேளையில் எல்லாக் கணக்குகளையும் இரண்டு பக்கமாகப் பிரித்து ஒட்டினோம். அந்தத் தாளின் படம் இணைப்பு 4. அன்று வகுப்பில் இருந்த பகுதித் தலைவரின் அவதானிப்புக் குறிப்பும் அதனுடன் உள்ளது.

கொப்பி திருத்தும்போது பிழையான இடத்தில் ஒரு கேள்வி எழுதி விடுகிறேன், பிள்ளை அதற்குக் கீழே பதில் எழுத வேண்டும். "விளங்கிச்சு" என்று மட்டும் எழுதியவற்றை நான் சான்றாகச் சேர்க்கவில்லை. கணக்கைத் திரும்பச் செய்து காட்டிய பக்கங்கள் மட்டுமே இணைப்பு 5இல் இருக்கின்றன.

வரவு பற்றியும் சொல்ல வேண்டும். காலபோக விதைப்புக் காலத்தில் சில பிள்ளைகள் வர மாட்டார்கள். 2024 நவம்பர் கடைசியில் பெய்த கடும் மழையிலும் வெள்ளத்திலும் பல குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. வராத பிள்ளைக்காகப் பக்கத்து இருக்கைப் பிள்ளை தேதியிட்டுப் பாடத்தை எழுதிவைக்கும் ஈட்டுக் கொப்பி ஒன்றை இரு வகுப்புகளிலும் வைத்திருக்கிறோம். திரும்பி வரும் பிள்ளை முதலில் அதைப் படித்து, எழுதியவரிடம் கேட்கிறது. எனக்கு நிறைவு தந்த ஏற்பாடு இது, எழுதிக்கொடுக்கும் பிள்ளைக்கும் பாடம் இன்னொரு முறை தெளிகிறது. ஆனால் இதனால் அடைவு கூடியது என்று நான் உரிமை கோரவில்லை. கொப்பி பயன்பட்டதற்குச் சான்று உண்டு, பலனுக்கு இன்னும் இல்லை.

தவணைப் பரீட்சையின் வகுப்புச் சராசரி தரம் 8இல் உயர்ந்திருக்கிறது. அதையும் என் கற்பித்தலுக்குச் சான்றாக வைக்கவில்லை. இரு தவணை வினாத்தாள்களும் ஒரே கடினத்தில் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு நடந்த பரீட்சைக்கு எல்லோரும் தோற்றவும் இல்லை. மேலே காட்டிய கொப்பிப் பக்கங்களே இதைவிட நம்பத்தக்கவை.

இன்னும் கைகூடாதது, தரம் 9இல் வாய் திறக்கும் பிள்ளைகளின் வட்டம். அவதானிப்புக் குறிப்பிலும் முன்வரிசைப் பிள்ளைகளின் பதில்களே கூடுதலாகப் பதிவாகியிருக்கின்றன. கேள்வி கேட்டதும் கை உயர்த்த விடாமல், முதலில் எல்லோரும் கொப்பியில் எழுதி, பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட்ட பிறகு பேசும் முறையை வரும் ஆண்டு முதல் தவணையிலேயே தொடங்குகிறேன். தரம் 10இல் நேர்மாறு விகிதசமனும் தரம் 11இல் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையும் இவர்களுக்குக் காத்திருக்கின்றன. உயர்தரம் போகக் கணிதச் சித்தி வேண்டும். பேசாத பிள்ளை எங்கே தடக்குகிறது என்று எனக்கு இப்போதே தெரிந்தாக வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வரும் ஆண்டு முதல் தவணை முடிவதற்குள் கணித ஆசிரிய ஆலோசகர் இந்த வகுப்பை ஒரு முழுப் பாடவேளை அவதானித்து, யார் யார் பேசினார்கள் என்று இருக்கை வரைபடத்தில் குறித்துத் தர ஏற்பாடு செய்யுமாறு அதிபரைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வரைபடத்தை அடுத்த மதிப்பீட்டில் முதல் இணைப்பாக வைப்பேன்.