குவெரி முடிவை அனுப்பும் முன்: புதிதாகச் சேர்ந்தவருக்கான பயிற்சிக் குறிப்பு

நம் மருந்துக்கடை டேட்டா டீமில் யார் குவெரி ஓட்டினாலும், முடிவை வெளியே அனுப்பும் முன் இதில் உள்ளவற்றைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவோம். ஆப்பரேஷன்ஸ் மேனேஜர் போனில் காத்துக்கொண்டிருந்தாலும் அப்படித்தான். எழுத்துப் பிழை இருந்தால் போஸ்ட்கிரெஸ் உடனே சொல்லிவிடும். கணக்குப் பிழை இருந்தால் ஒன்றும் சொல்லாது, அழகாக ஒரு எண்ணைக் கொடுத்துவிடும். முதல் மாதம் மட்டும் எந்த முடிவையும் எனக்குக் காட்டிவிட்டு அனுப்புங்கள்.

நம்மிடம் அடிக்கடி வரும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்வோம்: "மார்ச் மாத ஹோம் டெலிவரி விற்பனை எவ்வளவு? கிளை வாரியாக வேண்டும்."

1. கேட்டது என்ன?

குவெரியைத் தொடும் முன், கேள்வியை உங்கள் சொற்களில் ஒரு வரி எழுதிக் கேட்டவருக்கே திருப்பி அனுப்புங்கள். விற்பனை என்றால் ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? ரத்தான ஆர்டர், திரும்பி வந்த மருந்து இதெல்லாம் கழிக்க வேண்டுமா? ஆர்டர் போட்ட தேதியா, வீட்டில் கொடுத்த தேதியா? மார்ச் மாதத்துக்கு இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். 31-ஆம் தேதி இரவு போட்டு, ஏப்ரல் 1 அன்று கொடுத்த ஆர்டர் எந்த நிதியாண்டு என்று அக்கவுண்ட்ஸில் நிச்சயம் கேட்பார்கள்.

2. ஒரு வரி என்பது எது?

இந்தக் குறிப்பில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். `orders` டேபிளில் ஒரு வரி ஒரு ஆர்டர். `order_items` டேபிளில் ஒரு வரி ஒரு மருந்து. இரண்டையும் ஜாயின் செய்தவுடன், மூன்று மருந்து உள்ள ஆர்டர் மூன்று வரியாகிவிடும். அதன் `total` 1,200 ரூபாய் என்றால், கூட்டும்போது 3,600 வரும். ஜாயின் போட்டதும் இதை ஓட்டிப் பாருங்கள்:

```sql
SELECT COUNT(*), COUNT(DISTINCT o.order_id)
FROM orders o
JOIN order_items i ON i.order_id = o.order_id;
```

இரண்டு எண்ணும் வேறு என்றால் ஆர்டர் தொகையை அப்படியே கூட்டக் கூடாது. இங்கே பலரும் `SUM(DISTINCT total)` போட்டுச் சமாளிக்கப் பார்ப்பார்கள். அது இன்னும் மோசம். வேறு வேறு இரண்டு ஆர்டர்கள் தற்செயலாக ஒரே தொகையாக இருந்தால் ஒன்று காணாமல் போய்விடும். முதலில் `order_items`-ஐ ஆர்டருக்கு ஒரு வரியாகச் சுருக்கிவிட்டு, அப்புறம் ஜாயின் செய்யுங்கள்.

வரிகள் பெருகுவது போலவே குறையவும் செய்யும். `LEFT JOIN` போட்டுவிட்டு, வலது பக்க டேபிளின் நிபந்தனையை `WHERE`-இல் எழுதினால், பொருந்தாத வரிகள் எல்லாம் விழுந்துவிடும். `LEFT` என்று எழுதியதற்கே அர்த்தமில்லை. அந்த நிபந்தனை `ON`-க்குள் போக வேண்டும்.

3. தேதி

நம் `created_at` நேரத்தோடு சேர்ந்த தேதி. `BETWEEN '2025-03-01' AND '2025-03-31'` என்று எழுதினால், 31-ஆம் தேதி தொடங்கும் நள்ளிரவு 12 மணியோடு கணக்கு நின்றுவிடும். அன்றைய பகல் முழுக்க வெளியே. இன்னொன்று, நம் சர்வர் யுடிசி நேரத்தில் ஓடுகிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். எனவே இங்கே நள்ளிரவுக்கும் காலை 5.30-க்கும் நடுவில் வந்த ஆர்டர் அங்கே முந்தைய நாளில் விழும். இப்படி எழுதினால் இரண்டு தொல்லையும் இல்லை:

```sql
WHERE o.created_at >= '2025-03-01 00:00+05:30'
  AND o.created_at <  '2025-04-01 00:00+05:30'
```

நாள் வாரியாகப் பிரிக்க வேண்டுமென்றால் `(o.created_at AT TIME ZONE 'Asia/Kolkata')::date`.

4. காலி மதிப்பும் வகுத்தலும்

`NOT IN`-க்குள் இருக்கும் பட்டியலில் ஒரே ஒரு `NULL` இருந்தாலும் முடிவு ஒரு வரிகூட வராது, `NOT EXISTS` எழுதுங்கள். `AVG` காலியானவற்றைப் பூஜ்யமாக எடுக்காது, விட்டுவிடும். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் போஸ்ட்கிரெஸ் தசமத்தை வெட்டிவிடும்: `37/50` என்பது 0. சதவீதம் வேண்டுமென்றால் `37*100.0/50` என்று எழுதுங்கள். `payments` டேபிளில் தொகை பைசாவில் இருக்கிறது, `orders`-இல் ரூபாயில். ஏன் அப்படி என்று கேட்காதீர்கள், எல்லாரும் கேட்டாயிற்று.

5. வெளியே உள்ள ஒரு எண்ணோடு ஒப்பிடுங்கள்

ஒரே குவெரியைத் திரும்பத் திரும்பப் படிப்பதால் பெரிய பயன் இல்லை, எழுதியவர் கண்ணுக்குத் தப்பு தெரியாது. ஒரு கிளையை எடுத்து, அக்கவுண்ட்ஸில் டேலியில் உள்ள தொகையோடு வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருக்கலாம், அது எதனால் என்று சொல்லத் தெரிய வேண்டும். "கிட்டத்தட்ட வந்துவிட்டது" என்பது விடை ஆகாது. இரண்டு தப்புகள் ஒன்றையொன்று ஈடுகட்டினாலும் கிட்டத்தட்டத்தான் வரும்.

கிளைகளை எண்ணுங்கள். ஹோம் டெலிவரி 42 கிளைகளில் இருக்கிறது. முடிவில் 39 வந்தால், மூன்று கிளையில் விற்பனையே இல்லையா, ஜாயினில் விழுந்தனவா என்று தேடுங்கள். இரண்டு மூன்று ஆர்டர்களை எண் போட்டுத் திறந்து கண்ணால் பாருங்கள். டெஸ்ட் ஆர்டர்கள் பெரும்பாலும் இப்போதுதான் மாட்டும்.

6. யாருடைய விவரம்?

மருந்துக்கடை டேட்டா மற்ற டேட்டா மாதிரி இல்லை. போன் நம்பருக்குப் பக்கத்தில் மருந்தின் பெயர் இருந்தால், அவருக்கு என்ன நோய் என்று சொன்னது மாதிரிதான். பெயர், போன், முகவரி மூன்றும் கேட்கப்படாதவரை முடிவில் இருக்கவே கூடாது. `SELECT *` போட்டு எடுத்ததை எக்செலில் மறைத்து அனுப்புவது கணக்கில் சேராது. மறைத்த நெடுவரிசையை இரண்டு கிளிக்கில் திறந்துவிடலாம். பெயரை எடுத்துவிட்டாலும், சின்ன ஊர்க் கிளையில் ஒரு மருந்தை ஒரே ஒருவர் வாங்கியிருந்தால் கடை ஊழியருக்கு ஆள் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட வரிகளை "மற்றவை" என்று சேர்த்துவிடுங்கள். தனிப்பட்ட விவரமே வேண்டும் என்று யாராவது கேட்டால் நீங்கள் மறுக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம், என்னிடம் அனுப்புங்கள். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றித் தனி வகுப்பு இருக்கிறது.

7. ஃபைல்

டிபீவர் திரையில் முதலில் 200 வரிகள்தான் வரும். அதை காப்பி செய்து ஒட்டாமல், எக்ஸ்போர்ட் செய்யுங்கள். சோதனைக்குப் போட்ட `LIMIT` இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் உள்ள எண்ணின் கடைசி இலக்கங்களைப் பூஜ்யமாக்கும், 044 என்பதை 44 ஆக்கும். அந்த நெடுவரிசைகளை டெக்ஸ்டாக இறக்குங்கள். ஒரு ஷீட்டில் 10,48,576 வரிதான் கொள்ளும், பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல் என்றால் 65,536. 2020-இல் இங்கிலாந்தில் அந்தப் பழைய ஃபைல் நிரம்பி வழிந்து, கிட்டத்தட்ட 16,000 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் சேராமல் போயின.

8. அனுப்புவது

எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள். இப்படி இருக்கட்டும்:

"மார்ச் 2025 ஹோம் டெலிவரி விற்பனை ரூ.18,42,350, 42 கிளைகள். ஆர்டர் போட்ட தேதிப்படி, ஜிஎஸ்டி சேர்த்து. ரத்தானவையும் டெஸ்ட் ஆர்டர்களும் நீக்கப்பட்டன. திரும்பி வந்த மருந்து கழிக்கப்படவில்லை. டேட்டா ஏப்ரல் 3 காலை 9 மணி வரை."

குவெரியை அன்றைய தேதியோடு நம் ஃபோல்டரில் போடுங்கள். அடுத்த மாதம் இதே கேள்வி வரும், அப்போது நீங்கள் லீவில் இருக்கலாம். அனுப்பிய பிறகு தப்பு தெரிந்தால், அதே மெயிலுக்குப் பதிலாக, அதே ஆட்களுக்கு, பழைய எண்ணையும் புதிய எண்ணையும் காரணத்தையும் எழுதி அன்றைக்கே அனுப்புங்கள். ஃபைலை மட்டும் சத்தமில்லாமல் மாற்றி வைக்காதீர்கள். பழையது ஏற்கெனவே யாருடைய வாட்ஸ்அப்பிலாவது போயிருக்கும்.