லுல்லே லூலாலே: ஆத்தோட போகிற தாலாட்டு

மதினி, நீங்கள் கேட்ட பாட்டு இதோ, நம்ம தாமிரபரணி பொதிகையில் கிளம்பிக் கடலில் சேருகிற வரைக்கும் கூடவே போகிற தாலாட்டு. குட்டிக்கு வார்த்தை எதுவும் புரியப் போவதில்லை, லுல்லேயும் மிம்மேயும் விடாமல் வந்துகொண்டே இருந்தால் அவளுக்குப் போதும், நடுவில் வரும் ஊர்ப்பேர் எல்லாம் பாடுகிறவருக்கு அலுக்காமல் இருக்கத்தான். லுல்லே வரும்போது தொட்டிலைத் தள்ளுங்கள், மிம்மே வரும்போது அது தானே திரும்பி வரும், சேலைத் தொட்டிலின் நீளத்துக்கு அது சரியாக இருக்கிறது. ராகம் என்று ஒன்றும் கிடையாது. உங்கள் குரலுக்கு எது வருகிறதோ அதுதான்.

லுல்லே லுல்லே லூலாலே
மிம்மே மிம்மே மீமாலே
தூரி தூரி துரிலாலே
தூங்கு குட்டி லூலாலே

பூங்குளத்துத் தண்ணி வருது, லுல்லே லூலாலே
பொதிகை மலை மேலயிருந்து, மிம்மே மீமாலே
பாறை மேல வழுக்கி வருது, தூரி துரிலாலே
பாப்பா பேரைச் சொல்லி வருது, லுல்லே லூலாலே

பாணதீர்த்தம் பொங்கி விழுது, லுல்லே லூலாலே
பயப்படாத, தூரத்துல தான், மிம்மே மீமாலே
காரையாறு அணைக்குள்ள போய், தூரி துரிலாலே
காலை நீட்டிப் படுத்திருக்கு, லுல்லே லூலாலே

(அணையைச் சும்மா தாண்டிப் போனால் தாத்தா விடமாட்டார். காரையாறுதான் பேப்பரில் பாபநாசம் அணை, காலையில் அது 143 அடியில் இன்று எத்தனை அடி, மணிமுத்தாறு 118 அடியில் எத்தனை அடி என்று பார்த்துவிட்டுத்தான் அவருக்குக் காப்பி இறங்கும், அதனால் அடுத்தது அவருக்கு.)

தாத்தா பேப்பர் விரிச்சாச்சு, லுல்லே லூலாலே
தண்ணி எத்தனை அடியின்னு, மிம்மே மீமாலே
ஏறி இருக்கு, எறங்கி இருக்கு, தூரி துரிலாலே
எது ஆனாலும் நீ உறங்கு, லுல்லே லூலாலே

பாபநாசப் படித்துறையில், லுல்லே லூலாலே
பொரிக்கு மீனு கூட்டம் கூடும், மிம்மே மீமாலே
வாயைத் தொறந்து வாயை மூடி, தூரி துரிலாலே
வயிறு ரொம்பிப் போயிருச்சு, லுல்லே லூலாலே

குட்டி பால் குடித்து முடித்த பிறகும், கண் மூடின பிறகும், உதடு மட்டும் அசைந்துகொண்டே இருக்கும், கவனித்திருப்பீர்கள். பாபநாசத்து மீன் அப்படியேதான். இந்தக் கண்ணியில் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே பாடுங்கள், உதடு நின்றுவிட்டால் கொஞ்சம் தள்ளலைக் குறைக்கலாம்.

அம்பையில மரச்சொப்பு, லுல்லே லூலாலே
அரக்குச் சிவப்பு, அரக்கு மஞ்சள், மிம்மே மீமாலே
சட்டி பானை ஆட்டுரலு, தூரி துரிலாலே
சமையல் எல்லாம் நாளைக்குத்தான், லுல்லே லூலாலே

கல்லிடையில அப்பளமெல்லாம், லுல்லே லூலாலே
காயப் போட்டுக் கிடக்குது பார், மிம்மே மீமாலே
நொறுக்குச் சத்தம் போடாதீக, தூரி துரிலாலே
நம்ம கண்ணு அசருதுல்லா, லுல்லே லூலாலே

மணிமுத்தாறும் கூட வருது, லுல்லே லூலாலே
மாஞ்சோலைக் குளிரோட வருது, மிம்மே மீமாலே
போர்வை இழுத்துப் போத்திக்கிடுவோம், தூரி துரிலாலே
பூப்போல பாதம் மூடிக்கிடுவோம், லுல்லே லூலாலே

லுல்லே லுல்லே லூலாலே
மிம்மே மிம்மே மீமாலே

திருப்புடை மருதூரிலே, லுல்லே லூலாலே
மரத்துக்கு மரம் கொக்குக் கூடு, மிம்மே மீமாலே
கூட்டுக் குஞ்சு கண்ணை மூடும், தூரி துரிலாலே
குட்டிக் குஞ்சு நீயும் மூடு, லுல்லே லூலாலே

முக்கூடல் திண்ணை மேல, லுல்லே லூலாலே
முறத்துல இலை, தூளு, நூலு, மிம்மே மீமாலே
கை சுத்துது காது கேக்குது, தூரி துரிலாலே
குட்டி அழுதா கை நிக்குது, லுல்லே லூலாலே

(பீடி சுற்றுகிறதைப் பிள்ளைப் பாட்டில் வைக்கலாமா என்று ஒருத்தர் கேட்டார். ஏன் வைக்கக் கூடாது? ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி, பிள்ளை எழுந்து அழுதால் அந்த நேரத்துக் கணக்கு போச்சு, அந்தப் பக்கத்துத் திண்ணைகளில் எத்தனை பெண்கள் முறத்தை மடியிலும் தொட்டில் கயிற்றைக் கால் பெருவிரலிலும் வைத்துக்கொண்டு பிள்ளை வளர்த்திருக்கிறார்கள், அவர்களை விட்டுவிட்டு அப்பளத்தையும் அல்வாவையும் மட்டும் பாடினால் எனக்கு ஒப்பவில்லை. ஆனால் இந்தக் கண்ணியை மெதுவாகப் பாடாதீர்கள், கை ஓடுகிற வேகத்திலேயே போகட்டும்.)

பத்தமடைக் கோரைப் பாயி, லுல்லே லூலாலே
பட்டுப் போல வழுக்கும் பாயி, மிம்மே மீமாலே
பாப்பா நனைக்காம இருந்தா, தூரி துரிலாலே
பாத்து வாங்கித் தாரேன் கண்ணே, லுல்லே லூலாலே

அதுவரைக்கும் ரப்பர் ஷீட்டு, லுல்லே லூலாலே
அதுக்கு மேல பழஞ்சேலை, மிம்மே மீமாலே

இரண்டு வரியோடு நிறுத்தியது வேண்டுமென்றுதான். கல்யாணத்துக்கு வாங்குகிற அந்த நைஸ் பாயை இவளுக்கு விரித்தால் பாய்க்கும் நல்லதில்லை, நமக்கும் நல்லதில்லை, அதை நீட்டி முழக்க என்ன இருக்கிறது. இனி திருநெல்வேலி டவுன். இங்கேதான் பாட்டு கொஞ்சம் நேரம் நிற்கிறது, நம்ம ஊர் ஆயிற்றே.

நெல்லையப்பர் தேர் நிக்குது, லுல்லே லூலாலே
ஆனி மாசம் இழுப்பாக, மிம்மே மீமாலே
ஆயிரம் பேர் வடம் பிடிப்பாக, தூரி துரிலாலே
அத்தை ஒருத்தி உன் தேர் இழுப்பா, லுல்லே லூலாலே

கல்லுத் தூணைத் தட்டிப் பார்த்தா, லுல்லே லூலாலே
காதுக்குள்ள பாட்டுக் கேக்கும், மிம்மே மீமாலே
உன்னை மெல்லத் தட்டிக் குடுத்தா, தூரி துரிலாலே
உர்ருன்னு ஒரு பாட்டுக் கேக்கும், லுல்லே லூலாலே

காந்திமதி கை வளையல், லுல்லே லூலாலே
கலகலன்னு குலுங்கும் வளையல், மிம்மே மீமாலே
உனக்கு வேணுமா கருவளையல், தூரி துரிலாலே
உறங்கி எந்திரி, போட்டு விடுதேன், லுல்லே லூலாலே

கோதுமைப் பாலு கொதிக்குது, லுல்லே லூலாலே
நெய்யி மணம் தெருவு பூரா, மிம்மே மீமாலே
பல்லு முளைச்சா அல்வாத் துண்டு, தூரி துரிலாலே
பல்லு போன தாத்தா முந்தி, லுல்லே லூலாலே

குறுக்குத்துறை முருகனுக்கு, லுல்லே லூலாலே
கோயிலுக்குள்ள ஆத்துத் தண்ணி, மிம்மே மீமாலே
முங்கி முங்கி எந்திரிப்பார், தூரி துரிலாலே
முகம் துடைச்சு நின்னிருப்பார், லுல்லே லூலாலே

2023 டிசம்பர் வெள்ளம் பற்றி ஒரு கண்ணி எழுதி வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் நின்றதையும் நாம் மொட்டை மாடியில் இருந்ததையும் அவள் பெரியவளாகி நம் வாயால் கேட்டுக்கொள்ளட்டும், தொட்டிலில் வேண்டாம். குறுக்குத்துறை முருகன் ஆற்றில் முங்குவது வேறு விஷயம், பெருமழை பெய்தால் அவர் முங்குவார், வடிந்ததும் கோயிலைக் கழுவிவிட்டுப் பூசை நடக்கும், பிள்ளைக்குச் சொல்லத் தகுந்த வெள்ளம் அதுதான்.

பாலத்து மேல பஸ்ஸு போகுது, லுல்லே லூலாலே
பாம் பாமுன்னு அடிக்காதீக, மிம்மே மீமாலே
கொக்கிரகுளம் தாண்டினப்புறம், தூரி துரிலாலே
கூப்பிட்டுக்கோங்க வேணுமின்னா, லுல்லே லூலாலே

(சுலோசன முதலியார் பாலம்தான். 1843ல் திறந்த பாலம் அது, அன்றைக்கு அதன்மேல் வண்டி மாடும் ஆளும்தான் போயிருக்கும், ஹாரன் கிடையாது, அந்தக் காலத்துப் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.)

குத்தாலத்துச் சாரல் எல்லாம், லுல்லே லூலாலே
சித்தாத்தோட வந்து சேரும், மிம்மே மீமாலே
சீவலப்பேரி தாண்டிப் போச்சு, தூரி துரிலாலே
சின்னக் கண்ணு சொருகிப் போச்சு, லுல்லே லூலாலே

லுல்லே லுல்லே
மிம்மே மிம்மே
லூ லா லே

பொதுவாக இந்த இடத்தில் தூங்கிவிடுவாள். தூங்கவில்லை, இரண்டு கண்ணையும் விழித்துக்கொண்டு உங்களையே பார்க்கிறாள் என்றால் ஆழ்வார்திருநகரியையும் நம்மாழ்வாரையும் பாடுகிற அடுத்த இரண்டு கண்ணியும் அவளுக்கென்றே எழுதியது.

திருநகரியில் புளிய மரம், லுல்லே லூலாலே
உறங்காப்புளி பேரு அதுக்கு, மிம்மே மீமாலே
ராத்திரிக்கும் இலை மூடாதாம், தூரி துரிலாலே
மரத்துக்கென்ன, நீ மூடு, லுல்லே லூலாலே

ஆழ்வார் பிறந்து அழவே இல்லை, லுல்லே லூலாலே
அம்மா பாலும் குடிக்கவே இல்லை, மிம்மே மீமாலே
ரெண்டும் செய்யுற ஆளு நீயி, தூரி துரிலாலே
நாலு தெருவு கேட்ட ஆளு, லுல்லே லூலாலே

ஆத்தூர்க் கொடிக்கால் வெத்தலையாம், லுல்லே லூலாலே
ஆச்சி மடியில் சின்ன உரலாம், மிம்மே மீமாலே
டொக்கு டொக்கு டொக்கு டொக்கு, தூரி துரிலாலே
டொக்குக்கு ஒரு கண்ணு மூடு, லுல்லே லூலாலே

புன்னக்காயல் வந்தாச்சு, லுல்லே லூலாலே
பொதிகைத் தண்ணி கடலாச்சு, மிம்மே மீமாலே
இனிப்புத் தண்ணி உப்புத் தண்ணி, தூரி துரிலாலே
எது எதுன்னு யார் சொல்லுவா, லுல்லே லூலாலே

ஆறு முடிந்தது, பாட்டு முடியவில்லை. பிள்ளை பாதி உறக்கத்தில் இருக்கும்போது திடீரென்று பாட்டை நிறுத்திவிட்டு வீட்டு ஆட்களிடம் பேச்சுக் குரலில் ஏதாவது சொன்னீர்கள் என்றால் பட்டென்று விழித்துக்கொள்வாள், அதனால் இனிமேல் சொல்ல வேண்டியதை எல்லாம் இதே மெட்டிலேயே, முகத்தைக்கூட மாற்றாமல், சொல்ல வேண்டும். நான் பாடுகிற மாதிரி எழுதியிருக்கிறேன், நீங்கள் பாடும்போது ஆளை மாற்றிக்கொள்ளுங்கள்.

அண்ணன் வந்தா வாசலிலேயே, லுல்லே லூலாலே
பைக்கை அமத்தித் தள்ளி வரட்டும், மிம்மே மீமாலே
இரும்புக் கேட்டை இழுக்க வேண்டாம், தூரி துரிலாலே
தூக்கித் திறங்க, தூக்கித் திறங்க, லுல்லே லூலாலே

தாத்தா டிவியில் நியூஸைக் குறைங்க, லுல்லே லூலாலே
குறைச்சது காணாது, இன்னும் குறைங்க, மிம்மே மீமாலே
ஆச்சி உரலை ஓரமா வைங்க, தூரி துரிலாலே
டொக்குக்கு இப்போ வேலை இல்லை, லுல்லே லூலாலே

மதினி அடுப்புல பால் பொங்குது, லுல்லே லூலாலே
ஓடாதீங்க, கொலுசு கேக்கும், மிம்மே மீமாலே
கொசுவலையை யாராவது, தூரி துரிலாலே
கொண்டு வாங்க, கால் மரத்துப் போச்சு, லுல்லே லூலாலே