தலைப்பொங்கல்

கல்யாணம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் தை பிறக்க இரண்டு நாள்தான் இருந்தது. நான் நாகர்கோவிலில் சர்ச், சண்டே ஸ்கூல் என்று வளர்ந்தவள். அவர் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். சிறப்புத் திருமணச் சட்டப்படி 30 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காத்திருந்து கையெழுத்துப் போட்டபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை.

அன்று ராத்திரி படுக்கப் போகும்போது குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் வீணாகிறதே என்று குனிந்து வாயால் ஊதிவிட்டேன். மெழுகுவர்த்தியை ஊதித்தானே பழக்கம். திண்ணையில் இருந்த பக்கத்து வீட்டு ஆச்சி, "ஐயையோ, விளக்க வாயால ஊதுதாளே" என்று நெஞ்சில் கை வைத்துவிட்டார். எனக்குக் கை உதற ஆரம்பித்துவிட்டது. "தெரியாம அணைச்சிட்டேன் அத்தை" என்றேன்.

அத்தை ஆச்சியிடம் ஒன்றும் சொல்லவில்லை. தீப்பெட்டியை எடுத்து விளக்கைத் திரும்ப ஏற்றினார். அப்புறம் படத்தில் இருந்து ஒரு செவ்வந்திப் பூவை எடுத்து என் கையில் கொடுத்து, "காம்பால திரியை மெதுவா எண்ணெய்க்குள்ள தள்ளு பிள்ள" என்றார். தள்ளினேன். சுடர் சின்னதாகிக் கொஞ்சம் துடித்து உள்ளே போனது. "அணைக்கதுன்னு சொல்ல மாட்டோம், குளிர வைக்கதுன்னு சொல்லுவோம். உங்க வீட்ல மெழுகுவர்த்தியை ஊதித்தான் அணைப்பீங்களா?" ஆமாம் என்றேன். "சரி, டிசம்பர்ல நீ எனக்குச் சொல்லித் தா."

மறுநாள் அப்பா பொங்கல்படி கொண்டு வந்தார். என்னென்ன வாங்க வேண்டும் என்று அவருக்கும் தெரியாது, வடசேரி சந்தையில் கடைக்காரரிடமே கேட்டு வாங்கியிருக்கிறார். பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், இரண்டு கரும்பு, மஞ்சள் குலை, ஒரு கட்டு பனங்கிழங்கு. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "ஏதாவது விட்டுப்போச்சா சம்பந்தி?" என்று அவர் கேட்ட குரலில் என்னுடைய பயம் அப்படியே இருந்தது. மாமா கரும்பை அவர் தோளில் இருந்து தானே இறக்கி வாங்கிக்கொண்டார். "நாளைக்கு இந்தப் பானையிலதான் முதல்ல பால் பொங்கும்" என்றார் அத்தை. அதற்குப் பிறகுதான் அப்பா உட்கார்ந்தார்.

நான் ஃபோனில் ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தேன். எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும், கோலத்தை மிதிக்கலாமா, கையால் எதைத் தொடக்கூடாது, இப்படி இருபது, இருபத்தைந்து. விடியக்காலை நான்கு மணிக்குத் தலைக்குக் குளித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அத்தை வந்து வாங்கிப் படித்தார். "இதுல பாதி எனக்கே தெரியாதும்மா" என்று ஃபோனை ஜன்னலில் வைத்துவிட்டு, கை நிறையக் காய்ந்த பனையோலையைக் கொடுத்தார். "தீ நின்னுறாம ஓலையைத் தள்ளிக்கிட்டே இரு. சாமி கும்பிடுறப்போ உனக்கு எப்படித் தோணுதோ அப்படி நில்லு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

வாசலில் காவியும் வெள்ளையும் பட்டை அடித்த மூன்று கட்டிகள்தான் அடுப்பு. மார்கழியிலேயே மண்ணைக் குழைத்துச் செய்து காய வைத்தது. பக்கத்தில் விளக்கும், அரிசி நிறைத்த நாழியும். பனையோலை சட்டென்று பிடிக்கிறது, அதைவிட வேகமாகச் சாம்பலாகிவிடுகிறது, அதனால் கண்ணை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் எடுக்க முடியாது. புகையில் கண் எரிய, கை மாற்றி மாற்றி ஓலை தள்ளியதில் நான் பயப்பட மறந்துபோனேன் என்பதுதான் உண்மை. அந்த வேலையை எனக்கென்று யோசித்துத்தான் அத்தை கொடுத்திருக்கிறார் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

கிழக்கே வெளுத்தது. பால் பானையின் கழுத்துக்கு வந்து, மஞ்சள் குலையை நனைத்து, வழிந்து தீயில் சொய்யென்று விழுந்தது. அத்தை குலவை போட்டார், ஆச்சி போட்டார், நாத்தனார் "மைனி, நாக்க ரெண்டு பக்கமும் வேகமா ஆட்டுங்க" என்று கத்தினாள். எனக்குக் காற்றுதான் வந்தது. ஆச்சி என் தாடையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு நேரே இன்னொரு தடவை போட்டுக் காட்டினார். இரண்டாவது பானை பொங்கும்போது எனக்கும் கொஞ்சம் வந்தது.

எல்லோரும் சூரியனைப் பார்த்துக் கும்பிட்டபோது நான் கண்ணை மூடி, சின்ன வயதில் இருந்து சொல்கிற ஜெபத்தைச் சொன்னேன். கண்ணைத் திறந்தபோது அத்தை எனக்காகக் காத்திருந்தார், அப்புறம்தான் முதல் கரண்டி பொங்கலை இலையில் வைத்தார்.

ராத்திரி அத்தைக்கு நல்ல அசதி. பாயில் படுத்துக்கொண்டே, "விளக்கைக் குளிர வச்சிரும்மா" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் படத்தில் இருந்து ஒரு பூவை எடுத்தேன்.