ஒரே பலகை, 25 மடங்கு விறைப்பு: பீமில் அகலத்தைவிட ஆழம் ஏன் பெரிது

பாம்பன் கரையில் படகுக்கு ஏறப் போட்ட பலகையில் நடந்து பாருங்கள். நடுவுக்கு வந்ததும் தொய்யும். பலகை 200 மி.மீ. அகலம், 40 மி.மீ. கனம், இரு முனைத் தாங்கல்களுக்கு நடுவே 3 மீட்டர் என்று கொள்வோம். மரத்தின் மீள்குணகம் 10,000 N/mm² என்றால், 70 கிலோ ஆள் நடுவில் நிற்கும்போது தொய்வு சுமார் 36 மி.மீ. அதே பலகையைக் குத்தாக நிறுத்தி அதே பாரத்தை ஏற்றினால் 1.5 மி.மீ.தான்.

பீம் வளையும்போது மேல்பக்கம் அமுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது. நடுவே இரண்டும் இல்லாத ஒரு கோடு: நடு அச்சு. அதிலிருந்து y தூரத்திலுள்ள மெல்லிய இழையைக் கவனியுங்கள். தூரம் கூடக்கூட இழை அதிகம் நீளும், ஆகவே எதிர்விசையும் y அளவில் கூடும். அந்த விசை பீமை நிமிர்த்தப் பார்ப்பதும் y நீளமுள்ள நெம்புகோலால்தான். ஆக ஒவ்வொரு இழையின் பங்கும் y².

அகலத்தை இரட்டித்தால் பழைய இழைகளுக்குப் பக்கத்தில் அதே y-யில் இன்னொரு வரிசை சேரும். விறைப்பு இரு மடங்கு. ஆழத்தை இரட்டித்தால் இழைகளும் இரட்டிக்கும், சராசரி y²-உம் நான்கு மடங்காகும். 2 × 4 = 8. கீழே b அகலம், d ஆழம்; குறுக்குவெட்டின் வடிவம் தரும் விறைப்பை I காட்டுகிறது.

```
I = b d³ / 12
230 × 230          : 2.33 × 10⁸ mm⁴
b = 460, d = 230   : 4.66 × 10⁸ mm⁴
b = 230, d = 460   : 18.66 × 10⁸ mm⁴
```

பின்னிரண்டுக்கும் கான்கிரீட் ஒரே அளவு. d என்பது பாரம் அழுத்தும் திசையிலுள்ள அளவு; பெரிய எண்ணெல்லாம் d அல்ல. தேர்வில் பாதி தவறு இங்கேதான். பலம் b d²/6-ஐப் பொறுத்தது என்பதால் அது 4 மடங்குதான் கூடும், 8 அல்ல.

அப்படியானால் படகுப் பலகையை ஏன் படுக்கையாகப் போடுகிறார்கள்? குத்தாக நிறுத்தினால் கால் வைக்க இடமில்லை, பலகையும் புரண்டுவிடும். ஒல்லியான ஆழ பீமுக்குப் பக்கவாட்டுப் பிடிப்பு கட்டாயம். கூரையில் பனங்கைகளைக் குத்தாக வைத்து, குறுக்கே ரீப்பர் அடிப்பதில் அந்தப் பிடிப்பும் கிடைத்துவிடுகிறது.

கான்கிரீட்டில் கணக்குக்கு வரும் ஆழம், அமுங்கும் முகத்திலிருந்து இழுபடும் கம்பியின் மையம் வரைதான். கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் கனம்தான் கவர்; கடலோரச் சூழலுக்கு இந்தியக் கான்கிரீட் விதிநூலான IS 456 கேட்கும் கவர் 45 மி.மீ. 450 மி.மீ. பீமில் 8 மி.மீ. வளையமும் 16 மி.மீ. கம்பியும் போட்டால் மிஞ்சுவது 450 − 45 − 8 − 8 = 389. கவரைத் திருடி ஆழம் சேர்க்காதீர்கள். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

சன்ஷேட் ஒரு பக்கம் மட்டும் பிடிபட்டு வெளியே நீள்வதால் அதில் இழுபடுவது மேல்பக்கம்; கம்பியும் மேலே இருக்க வேண்டும். 125 மி.மீ. கனத்தில், அதே 45 மி.மீ. கவரோடு, 10 மி.மீ. கம்பிக்கு 75 மி.மீ. ஆழம் கிடைக்கும். கான்கிரீட் போடும்போது யாராவது மிதித்து 25 மி.மீ. இறங்கினால் 50-தான், விரிசல் விட்டபின் விறைப்பு ஏறக்குறையப் பாதி. கம்பிக்கு அடியில் நாற்காலிக் கம்பி வைத்து, மேலே நடக்கப் பலகை போட்டுவிட்டுத்தான் கான்கிரீட் கொட்ட வேண்டும்.