சின்னம்மை விடுப்பு: யாழினி, மூன்றாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

9 ஜூலை 2024

மதிப்பிற்குரிய வகுப்பாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். யாழினிக்குச் சின்னம்மை போட்டிருக்கிறது. சனிக்கிழமை இரவு லேசாகக் காய்ச்சல் இருந்தது. ஞாயிறு காலை தலை வாரிவிடும்போது காதுக்குப் பின்னால் நீர் கோத்த கொப்புளம் ஒன்றைப் பார்த்தேன். சாயங்காலத்துக்குள் முதுகு, வயிறு எல்லாம் வந்துவிட்டது. நேற்று டாக்டர் பார்த்துச் சின்னம்மைதான் என்று உறுதி செய்தார். அவர் தந்த சான்றிதழை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே இது மற்றவர்களுக்குத் தொற்றுமாம். அப்படியானால் வெள்ளிக்கிழமை (ஜூலை 5) அவள் வகுப்பில் இருந்தபோதே சிலருக்குப் பரவியிருக்கக்கூடும். தொற்றிய பிறகு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் வரை ஆகும் என்பதால், ஜூலை 15 முதல் 26 வரை மற்றப் பிள்ளைகளுக்குக் காய்ச்சலோ கொப்புளமோ வருகிறதா என்று கவனிக்கச் சொல்லுங்கள். முக்கியமாக அவள் பெஞ்சில் உட்காரும் பிள்ளைகளின் வீடுகளுக்கு இன்றே தெரிவித்தால் நல்லது. தடுப்பூசி போடாதவர்கள் உடனே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். பெயர் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.

இன்னொன்று. ஆசிரியைகளிலோ பெற்றோரிலோ கர்ப்பமாக இருப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் யாரேனும் இருந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே டாக்டரிடம் பேசச் சொல்லுங்கள். பிள்ளைகளைவிட அவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பக்கு கட்டிய பிறகுதான் அனுப்புவேன். வரும் சனிக்கிழமை (ஜூலை 13) டாக்டர் மறுபடி பார்க்கிறார். அவர் சரி என்றால் திங்கள் (ஜூலை 15) வருவாள். ஒரு கொப்புளம் ஈரமாக இருந்தாலும் வீட்டில்தான். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையே உங்களுக்குச் செய்தி அனுப்பிவிடுகிறேன். பக்கு உதிர இன்னும் சில நாள் ஆகலாம். முகத்தில் அது தெரிந்தாலும் தொற்றாது. யாராவது தள்ளி உட்காரச் சொன்னால் அவள் அழுதுவிடுவாள், வகுப்பில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

யுகேஜியில் படிக்கும் தம்பி இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டிருக்கிறான். இதுவரை அவனுக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் அவனை அனுப்பலாம் என்றார். தினமும் காலையில் உடம்பைப் பார்த்த பிறகே அனுப்புகிறேன். அவன் ஆசிரியைக்கும் தெரிவித்துவிடுங்கள்.

பாடம் பற்றி இப்போது அவசரம் இல்லை. அரிப்பில் சரியாகத் தூங்குவதில்லை, நகத்தை ஒட்ட வெட்டியும் கை சும்மா இருப்பதில்லை. வாரக் கடைசியில் கணக்குப் பாடத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். வியாழக்கிழமைத் தமிழ்த் தேர்வை வந்த பிறகு எழுத அனுமதி தர வேண்டுகிறேன்.

நன்றி.

இப்படிக்கு,
மாலதி
(யாழினியின் அம்மா)