14ஆம் தேதி நைட் டூட்டியை மாற்றிக்கொள்ள முடியுமா, அக்கா?

பானு அக்கா,

வார்டில் வைத்துக் கேட்டால் நாலு பேர் காதில் விழும், உங்களுக்கும் உடனே பதில் சொல்லியே ஆக வேண்டும் போல இருக்கும். அதனால்தான் எழுதி அனுப்புகிறேன். இன்றைக்கு உங்களுக்கு ஆஃப் என்று தெரியும். ஓய்வாக இருக்கும்போது படித்தால் போதும்.

வருகிற 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை நைட் என்னுடைய டூட்டி. இரவு 9 முதல் சனி காலை 7 வரை. அதை எனக்குப் பதிலாக நீங்கள் பார்க்க முடியுமா? பதிலுக்கு 21ஆம் தேதி வெள்ளி, உங்கள் நைட்டை நான் பார்த்துவிடுகிறேன்.

காரணம் அம்மாவின் கண் ஆபரேஷன். வலது கண்ணில் புரை. சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை என்று ஏற்கனவே ஒருமுறை தள்ளிப் போட்டார்கள். இப்போது அளவு சரியாக இருக்கிறது, 14ஆம் தேதி காலையில் செய்துவிடலாம் என்று நேற்று சாயங்காலம்தான் தேதி சொன்னார்கள். ஆபரேஷன் சின்னதுதான், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எனக்குக் கவலை அன்று இரவைப் பற்றித்தான். ஆபரேஷன் செய்த கண்ணை ஷீல்டு போட்டு மூடியிருப்பார்கள். இடது கண்ணிலும் புரை முற்றிக்கொண்டு வருகிறது, அதில் பார்வை மங்கல். ராத்திரியில் இரண்டு மூன்று தடவையாவது பாத்ரூமுக்கு எழுந்திருப்பார். இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடந்து, எங்காவது தடுக்கி விழுந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தூக்கக் கலக்கத்தில் கை தானாகக் கண்ணுக்குப் போய்விடும் என்ற பயமும் இருக்கிறது. வீட்டில் நானும் அம்மாவும்தான். தம்பி சனிக்கிழமை மதியம்தான் வந்து சேருவான். அன்று காலை 9 மணிக்கு ரிவ்யூவுக்கு வேறு கூட்டிப் போக வேண்டும். தம்பி வந்த பிறகு எனக்குக் கவலையில்லை. 15ஆம் தேதி சனிக்கிழமை நைட்டுக்கு நானே வந்துவிடுவேன். வெள்ளி ஒரு இரவு மட்டும்தான் கேட்கிறேன்.

லீவு போட்டுவிடலாமே என்று தோன்றலாம். போடலாம்தான். ஆனால் நைட்டுக்கு ஆள் கிடைக்காவிட்டால் என்ன நடக்கும் என்று இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். ஈவினிங் டூட்டி முடித்துக் கிளம்புகிறவரை நிறுத்தி, விடிய விடியப் பார்க்க வைப்பார்கள். மதியம் 2 மணிக்கு வந்தவர் மறுநாள் காலை 7 வரைக்கும் நின்றால் அது 17 மணி நேரம். அதிகாலை மூன்று, நாலு மணிக்கு நன்றாகத் தூங்கி எழுந்து வந்தவருக்கே கண் சொருகும். அந்த நேரத்தில் ஒரு இன்ஃப்யூஷன் பம்பில் வேகத்தை மாற்ற வேண்டியிருந்தால், 17 மணி நேரமாக நிற்கிறவர் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நான் வீட்டில் இருப்பதற்காக இன்னொருவர் அப்படிக் கஷ்டப்படக் கூடாது, நம் நோயாளிகளுக்கும் அது நல்லதில்லை.

உங்களைத்தான் கேட்க வேண்டும் என்று வந்ததற்கும் காரணம் இருக்கிறது. அன்று இரவு வென்டிலேட்டர் பார்க்கத் தெரிந்தவர் இரண்டு பேர் இருக்க வேண்டும். பட்டியலில் அந்த இரண்டு பேர் நானும் ஜோதியும். மற்ற இருவரும் புதிதாக வந்தவர்கள். சக்‌ஷன் நன்றாகச் செய்கிறார்கள், ஆனால் அலாரம் அடித்தால் குழாய் அடைத்திருக்கிறதா, கழன்றிருக்கிறதா, நோயாளி இருமுகிறாரா என்று பார்த்துச் சொல்ல இன்னும் கொஞ்ச நாள் ஆகும். ஜோதியைத் தனியாக விட்டுவிட முடியாது. வென்டிலேட்டர் தெரிந்த மற்றவர்களின் டூட்டியையும் பார்த்தேன். ஒருவருக்கு அன்று மார்னிங், மதியம் 2 மணிக்கு முடித்துவிட்டு 9 மணிக்குத் திரும்ப வர வேண்டியிருக்கும். இன்னொருவருக்கு மறுநாள் ஈவினிங். இரண்டிலும் நடுவில் ஏழு மணி நேரம்தான் கிடைக்கும். இரண்டு ஷிப்டுக்கு நடுவில் குறைந்தது 12 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977லேயே நர்ஸ்களுக்கான பரிந்துரையில் எழுதி வைத்திருக்கிறது. நாம் கூட்டத்துக்குக் கூட்டம் கேட்பதும் அதைத்தான். அதை நானே ஒருவருக்கு உடைக்க மாட்டேன்.

உங்களுக்கு 13ஆம் தேதி மார்னிங், 14, 15 இரண்டு நாளும் ஆஃப், 16 ஞாயிறு மதியம் 2 மணிக்குத்தான் அடுத்த டூட்டி. முன்னாலும் பின்னாலும் ஓய்வு இருக்கிறது. ஆனால் பட்டியலில் இடம் இருக்கிறது என்பதால் அது எனக்கு எடுத்துக்கொள்ளக் கிடைக்கும் இடம் ஆகிவிடாது. அது உங்கள் ஆஃப். சனிக்கிழமை காலையில் பையனை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப் போகிறீர்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். நைட் முடித்து வந்தால் அது கெட்டுப் போகும், அல்லது தூங்காமல் போவீர்கள். இரண்டும் எனக்குத் தெரிந்துதான் கேட்கிறேன்.

அதனால் பதிலுக்கு நான் தருவதை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

21 வெள்ளி, 22 சனி இரண்டு நாளும் உங்களுக்கு நைட். எனக்கு அந்த இரண்டு நாளும் ஆஃப். 21ஆம் தேதி நைட்டை நான் எடுத்துக்கொள்கிறேன். வெள்ளி நைட்டுக்கு வெள்ளி நைட், பத்து மணி நேரத்துக்குப் பத்து மணி நேரம். நைட் அலவன்ஸிலும் யாருக்கும் கூடுதல் குறைவு வராது. 22ஆம் தேதியை எடுக்கட்டுமா என்று கேட்க ஆசைதான், ஆனால் 23 ஞாயிறு மதியம் எனக்கு டூட்டி, ஓய்வு போதாது. 21 உங்களுக்கு உபயோகமாக இல்லையென்றால் அடுத்த மாதத்தில் எந்த நைட் வேண்டுமானாலும் சொல்லுங்கள், வார இறுதியாக இருந்தாலும் சரி. பட்டியல் போடுவதற்கு முன்பே இன்சார்ஜ் சிஸ்டரிடம் சொல்லி என் பெயரைப் போடச் சொல்கிறேன்.

இதோடு இன்னொன்றும். நைட்டுக்கு நைட் என்பது கணக்குக்குச் சரி. ஆனால் எனக்கு 21ஆம் தேதி பற்றி 12 நாள் முன்னாலேயே தெரியும், உங்கள் ஆஃபை நான் ஐந்து நாள் இருக்கும்போது வந்து கேட்கிறேன். இரண்டும் ஒன்றில்லை. அதனால் இந்த மாத எமர்ஜென்சி டிராலி ஆடிட்டை, உங்கள் பெயரில் இருப்பதை, நான் செய்து முடிக்கிறேன். அதில் எவ்வளவு நேரம் போகிறது என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு ஆம்பூலாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து எக்ஸ்பைரி தேதி படிப்பது, லாரிங்கோஸ்கோப் பல்ப் எரிகிறதா, டிஃபிப்ரிலேட்டர் டெஸ்ட் சரியாக வருகிறதா, ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது, கடைசியில் சீல் போட்டு நம்பரைப் புத்தகத்தில் ஏற்றுவது. டூட்டி முடிந்த பிறகு உட்கார்ந்துதான் எல்லோரும் செய்கிறோம். 19ஆம் தேதி என் மார்னிங் முடிந்ததும் செய்துவிடுகிறேன். செய்வது நான் என்பதால் கையெழுத்தும் என்னுடையதாகத்தான் இருக்கும். ஏதாவது விடுபட்டால் உங்களைக் கேட்க மாட்டார்கள். 21க்குப் பதில் வேறு நைட் சொன்னாலும் இது மாறாது.

போன வருஷம் உங்களுக்காக நான் ஒரு ஈவினிங் பார்த்தது ஞாபகத்துக்கு வந்தால், தயவுசெய்து இதில் சேர்க்காதீர்கள். அதற்கு நீங்கள் அப்போதே திருப்பிச் செய்துவிட்டீர்கள்.

நீங்கள் சரி சொன்னால் நடுவில் வரக்கூடியதையும் இப்போதே பேசிவிடுகிறேன். ஃபார்மில் கையெழுத்துப் போட்ட பிறகு 14ஆம் தேதி டூட்டி உங்கள் பெயருக்கு வந்துவிடும். அன்றைக்கு உங்களுக்கே உடம்பு சரியில்லாமல் போனால், பதில் ஆள் தேடுகிற வேலையை நீங்கள் சுமக்க வேண்டாம். எனக்கு ஒரு போன் போடுங்கள், ஆபரேஷன் நாளாக இருந்தாலும் பரவாயில்லை, நான் தேடுகிறேன். கிடைக்காவிட்டால் அம்மாவுக்குத் துணைக்குச் சித்தியை வரச் சொல்லிவிட்டு நானே வந்துவிடுவேன். அதே மாதிரி 21ஆம் தேதி எனக்கு ஏதாவது ஆனாலும் ஆள் ஏற்பாடு செய்வது என் பொறுப்பு, உங்களைத் திரும்பக் கூப்பிட விட மாட்டேன். ஒருவேளை ஆபரேஷன் மறுபடி தள்ளிப் போனால் முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவிடுவார்கள். அப்போது 14 எனக்கே திரும்பட்டும், உங்கள் ஆஃப் உங்களுக்கு. டிராலி ஆடிட்டை அப்போதும் நானே செய்கிறேன், ஒரு வாரம் உங்களை நிச்சயமில்லாமல் வைத்திருந்ததற்கு.

சனிக்கிழமை காலை நேரத்தோடு கிளம்புவதற்கும் ஒரு வழி பார்த்தேன். அன்று மார்னிங் வருகிறவரிடம், நீங்கள் சரி சொன்ன பிறகு, பத்து நிமிஷம் முன்னால் வந்து ஹேண்ட் ஓவர் எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கிறேன். வகுப்புக்குப் போக முடிகிறதோ இல்லையோ, வீட்டுக்காவது நேரத்தில் போகலாம். வியாழக்கிழமை என் டூட்டி முடியும்போது எந்தப் படுக்கையில் என்ன கவனிக்க வேண்டும் என்று ஹேண்ட் ஓவர் புத்தகத்தில் விவரமாக எழுதி வைக்கிறேன். இங்கே போனில் வேண்டாம்.

இன்சார்ஜ் சிஸ்டரிடம் நான் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவர் காதுக்குப் போனால் “பானுவைக் கேளு, பார்த்துக்குவாங்க” என்று சொல்லிவிடுவார், அப்புறம் நீங்கள் மறுப்பது கஷ்டமாகிவிடும். முதலில் நீங்கள் முடிவு செய்யுங்கள். மாற்று ஃபார்ம் 48 மணி நேரத்துக்கு முன்னால் அவர் கைக்குப் போக வேண்டும், அதனால் செவ்வாய்க்கிழமை இரவுக்குள் தெரிந்தால் புதன் காலை கொடுத்துவிடுவேன். ஃபார்மை நான் எழுதி எடுத்து வருகிறேன், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும்.

முடியாது என்றால் “முடியல” என்று ஒரே வார்த்தை அனுப்புங்கள். ஏன் என்று கேட்க மாட்டேன், நீங்களும் விளக்க வேண்டாம். சித்தியை அன்று இரவு தங்கச் சொல்லிக் கேட்பேன். அவருக்கும் வயதாகிறது, அதனால்தான் முதலில் உங்களைக் கேட்கிறேன், ஆனால் வழியே இல்லாமல் இல்லை. 21ஆம் தேதி விஷயத்தில் வேறு ஏதாவது உங்களுக்கு வசதியாக இருக்கும் என்று தோன்றினாலும் தயங்காமல் சொல்லுங்கள், பேசிக்கொள்ளலாம்.

நாளைக்கு எனக்கு ஈவினிங். காலை முழுக்க வீட்டில்தான் இருப்பேன், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

தேவி